செனியாவுக்கு மறுபடியும் 'மிகச் சிறப்பு'

செபு நகரத்தில் அந்தக் கப்பல் கம்பெனியின் அலுவலகத்தில் கப்பல் எதுவும் கண்ணில் படாது. கப்பல்களின் காகிதங்கள் மட்டும்தான் வரும், அதுவும் திரையில். எந்தப் பெட்டியில் என்ன சரக்கு, யார் அனுப்பினார்கள், யார் வாங்கிக்கொள்ளப் போகிறார்கள் என்பதையெல்லாம் சரிபார்த்துச் சீட்டு எழுதித் தருவது அங்கே பெர்லிட்டாவின் பிரிவுக்கு வேலை. சீட்டில் ஓர் எழுத்து பிசகினால் சரக்கு அடுத்த துறைமுகத்தில் அநாதையாகக் கிடக்கும்.

பெர்லிட்டாதான் பிரிவின் மேனேஜர். ஐம்பதைத் தாண்டியவள். வருடம் முழுக்க அவளுக்குப் பிடித்த வேலைதான். ஜனவரி மட்டும் பிடிக்காது. வெளியே தெருவெல்லாம் திருவிழாவுக்கு முரசு பழகுகிற சத்தம் கேட்கும். உள்ளே அவள் ஒவ்வொருவருக்கும் அப்ரைசல் எழுதிக்கொண்டிருப்பாள். வேலை சரியாகச் செய்யாதவர்களுக்கு எழுதுவது கஷ்டம் என்று வெளியாட்கள் நினைப்பார்கள். அது கஷ்டமே இல்லை. எதைத் திருத்த வேண்டும் என்று எழுதலாம், அடுத்த வருடம் திருந்தினானா என்று பார்க்கலாம். நன்றாகச் செய்கிறவர்களுக்கு எழுதுவதும் சுகம்தான். செனியா மாதிரி ஒருத்திக்கு எழுதுவதில்தான் பெர்லிட்டாவுக்கு விரல் ஓடாமல் போகும்.

செனியா அபெல்லானா அந்தப் பிரிவின் மூத்த சரிபார்ப்பாளர். அந்த நாற்காலிக்கு வந்தபோது முப்பது வயது, இப்போது முப்பத்தொன்பது. வந்த இரண்டாவது வருடமே வேலை அவள் கைக்குள் அடங்கிவிட்டது. மூன்றாவது வருடம் வேலையே அவளுக்குச் சின்னதாகிவிட்டது, வளர்ந்த பெண்ணுக்குப் பழைய சட்டை மாதிரி. அப்புறம் எல்லா வருடமும் 'மிகச் சிறப்பு'தான். அதற்கு மேல் தருவதற்கு மதிப்பீடு கிடையாது.

மேலே போவதற்குத்தான் படியில்லை. அவளுக்கு மேல் டீம் லீடர் ஒரே ஒருவன், ருவெல். ருவெலுக்கு மேல் பெர்லிட்டா. பெர்லிட்டாவுக்கு மேல் சிங்கப்பூர். பக்கத்துப் பிரிவுகள் இரண்டில் லீடர் இடம் இருந்தது, அங்கெல்லாம் கணக்கு தெரிந்தவர்களை வைத்திருந்தார்கள். போன வருடம் சிங்கப்பூர்க்காரர்கள் செலவைக் குறைக்கிறோம் என்று இரண்டு லீடர் இடங்களையும் எடுத்துவிட்டார்கள். சம்பளமும் அப்படித்தான். அந்த நாற்காலிக்கு என்று ஓர் உச்சம் வைத்திருக்கிறார்கள், செனியா அதைத் தொட்டு நாளாகிவிட்டது. இனி எவ்வளவு சிறப்பாகச் செய்தாலும் சம்பளம் அசையாது. வருடக் கடைசியில் ஒரு தொகையும் ஒரு கண்ணாடிக் கேடயமும் தருவார்கள். கேடயங்களை அவள் வீட்டில் கதவு அடித்துக்கொள்ளாமல் இருக்க முட்டுக் கொடுத்து வைத்திருக்கிறாள் என்று ருவெல் சொல்வான். அவள் மறுத்ததில்லை.

இந்த ஜனவரியில் ஒரு வழி திறந்தது. மலேசியாவில் போர்ட் கிளாங் அலுவலகத்தில் புதிதாக ஒரு லீடர் இடம். ஆசியா முழுவதற்கும் இந்தச் சீட்டு வேலையை ஒழுங்குபடுத்துகிற இடம். படித்துப் பார்த்தபோது செனியாவை எதிரில் உட்காரவைத்து அளவெடுத்து எழுதினது மாதிரி இருந்தது. செனியா விண்ணப்பம் போட்டாள். அங்கிருந்த மேனேஜர் அவளோடு திரையில் பேசிவிட்டு, அன்றைக்கே பெர்லிட்டாவைக் கூப்பிட்டு, "இவங்களை எப்போ அனுப்புவீங்க?" என்று கேட்டுவிட்டான்.

அன்று சாயங்காலம் பெர்லிட்டா, செனியா, ருவெல் மூன்று பேரும் கீழே தள்ளுவண்டியில் நோஹியோங் வாங்கித் தின்றுகொண்டிருந்தார்கள். காய் வைத்துச் சுருட்டிச் சூடாகப் பொரித்த ரோல், கார வினிகர், ஓலைப்பெட்டிக்குள் வெந்த சோறு.

"அங்க இதெல்லாம் கிடைக்குமாடி?" என்றான் ருவெல்.

"அங்க வேற கிடைக்கும் அண்ணா. ஒரு வருஷம் அதைத் தின்னுட்டு வரேன்."

"வருவியா? போனவ எவளும் வந்ததா எனக்கு ஞாபகமில்ல. லீடராப் போறவ திரும்பி வந்து எனக்குக் கீழ உக்காருவாளாக்கும்."

"அப்ப நீங்க எழுந்துக்கங்க, நான் உக்கார்றேன்."

"நானா? வீட்டுக் கடன் முடியற வரைக்கும் என்னை அந்த நாற்காலியிலேருந்து எழுப்ப கிரேன் கொண்டு வரணும். மேடம், நீங்களே சொல்லுங்க, நான் நல்லா வேலை பாக்கறேனா இல்லையா?"

"பாக்கறே, பாக்கறே," என்றாள் பெர்லிட்டா. "அதான் பிரச்சனை. நீ மோசமாப் பாத்திருந்தா உன்னைத் தூக்கிட்டு இவளைப் போட்டிருப்பேன்."

எல்லோரும் சிரித்தார்கள். செனியா விரலில் ஒட்டிய வினிகரை நக்கிவிட்டு, சிரிப்பு அடங்கினபிறகு மெதுவாகக் கேட்டாள்:

"மேடம், கூட்டத்துல பேசுவீங்கல்ல?"

"பேசாம?"

"பாஸ்போர்ட்டைப் புதுப்பிச்சுட்டேன். சும்மா சொல்றேன். அவசரப்படுத்தல."

"புதுப்பிச்சவ என்கிட்ட சொல்லாம ருவெல் கிட்டயா சொல்லுவே? நான் பேசறேன்டி. என் பொறுப்பு."

சொன்ன வாய் மூடுவதற்குள் பெர்லிட்டாவுக்கு உள்ளே ஏதோ இடறியது. என்ன என்று அப்போது பிடிபடவில்லை.

மதிப்பீட்டுக் கூட்டம் என்பது இப்படி. மேனேஜர்கள் எல்லோரும் ஓர் அறையில் உட்காருவார்கள். சிங்கப்பூரிலிருந்து தலைமை அதிகாரி கோ பீ லெங் திரையில் இருப்பார். ஒவ்வொருவரும் தன் ஆட்களுக்குப் போட்ட மதிப்பைச் சொல்ல வேண்டும், மற்றவர்கள் குடைவார்கள். உன் ஆள் அவ்வளவு உசத்தி என்றால் என் ஆள் என்ன மட்டமா என்று. 'மிகச் சிறப்பு' பத்துப் பேருக்கு ஒருவர் கணக்குத்தான், அதனால் அதற்கு ரத்தம் வராத குறையாகச் சண்டை நடக்கும். செனியாவின் பெயர் வந்தபோது மட்டும் சண்டை இல்லை. பெர்லிட்டா ஓர் உதாரணம் சொன்னாள்: நவம்பரில் உறையவைத்த இறால் பெட்டி ஒன்றுக்கு மைனஸ் பதினெட்டு டிகிரி என்பதற்குப் பதில் வெறும் பதினெட்டு என்று சீட்டில் வந்திருந்தது. செனியா வீட்டுக்குக் கிளம்பி, பாதி வழியில் ஜீப்னி வண்டியிலிருந்து இறங்கித் திரும்பி வந்து அதைத் திருத்திவிட்டுப் போனாள்.

"அப்படியே போயிருந்தா இறால் சூப்பாத்தான் இறங்கியிருக்கும்," என்றார் கணக்குப் பிரிவு மேனேஜர். அறையே சிரித்தது. கோ பீ லெங்கும் சிரித்தார். "செனியாவுக்கு என்ன சந்தேகம்? அடுத்தது."

"ஒரு நிமிஷம் மேடம்," என்றாள் பெர்லிட்டா. "மதிப்பு சரி. அவங்களுக்கு அடுத்தது என்னன்னு பேசணும். போர்ட் கிளாங் இடம். அவங்க கேக்கறாங்க, இவங்களும் தயார். விடுவிக்க அனுமதி வேணும்."

எச்.ஆர். மேனேஜர் கிறிசாந்தோ கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றித் தன் திரையைப் பார்த்தார். பார்த்துவிட்டு, பாவமாக இருமினார்.

"பெர்லி, இது முக்கிய இருக்கைன்னு போட்டிருக்கு."

அப்போதுதான் பெர்லிட்டாவுக்கு அன்று இடறியது இன்னதென்று விளங்கியது.

போன வருடம் புயல் வந்து செனியாவின் வீட்டுக் கூரையைக் கொண்டுபோனது. சம்பளம் உச்சத்தைத் தொட்டுவிட்டதால் ஏற்றித் தர வழியில்லை. ஒருவருக்குத் தனியாகத் தொகை தர வேண்டுமென்றால் ஒரே வழிதான் இருந்தது. அவர் உட்கார்ந்திருக்கும் இடத்தை முக்கிய இருக்கை என்று அறிவிக்க வேண்டும். இவர் போனால் நமக்குப் பெரிய நஷ்டம், இவர் இடத்தை எடுக்க ஆள் தயாரில்லை என்று மேனேஜர் எழுத வேண்டும். பெர்லிட்டா எழுதினாள். மனசார, அழகாக எழுதினாள். 'இவர் இல்லாமல் இந்தக் குழு ஒரு வாரம் ஓடாது' என்றாள். தொகை வந்தது. கூரை வந்தது. செனியாவின் அம்மா ஒரு முழுப் பன்றியைச் சுட்டு அனுப்பினாள், எல்லோரும் விரலைச் சூப்பிக்கொண்டு தின்றார்கள். கொடுக்க வேறெதுவும் கையில் இல்லாத பெர்லிட்டா சொல்லை அள்ளிக் கொடுத்தாள். அந்தச் சொல்லே பூட்டாகும் என்று அவளும் நினைக்கவில்லை, வாங்கிக்கொண்டவளும் நினைக்கவில்லை.

"முக்கிய இருக்கைன்னா," கிறிசாந்தோ மற்றவர்களுக்காகச் சொன்னார், "அடுத்த ஆள் தயாரா இருந்தாத்தான் விடுவிக்க முடியும். விதி அதுதான்."

"அந்த அடையாளத்தை எடுத்துடலாமே."

"எடுக்கலாம். காரணம் கேப்பாங்க. போன வருஷம் நீங்க எழுதினது பொய்யான்னு கேப்பாங்க."

"பொய்யில்ல."

"அதான் சொல்றேன்."

கோ பீ லெங் கெட்ட மனுஷி இல்லை. அவர் முகம் திரையில் கொஞ்சம் சாய்ந்தது. "பெர்லி, நீங்களே சொல்லுங்க. செனியா நாளைக்குப் போனா அந்த வேலை என்ன ஆகும்?"

பொய் சொல்ல வேண்டிய இடம் அதுதான். 'ஒன்றும் ஆகாது மேடம்' என்று சொல்லியிருக்கலாம். இப்போதுதான் இறால் கதை சொல்லி அறையையே சிரிக்கவைத்த வாய், அதைச் சொல்லவில்லை.

"கஷ்டமாத்தான் இருக்கும்," என்றாள் பெர்லிட்டா.

"அப்ப ஆளைத் தயார் பண்ணுங்க. யார் இருக்காங்க?"

"ஜோவிட். கெட்டிக்காரன். செனியாதான் பழக்கினா. ஒரு மூணு மாசம் கூடவே உக்காந்தான்னா பிடிச்சுக்குவான்."

"நல்லது. மாசக் கடைசி வரைக்கும் இடத்தைப் பிடிச்சு வைக்கச் சொல்லி போர்ட் கிளாங்குல நான் பேசறேன். ஜோவிட் ஒத்துக்கணும். முக்கிய இருக்கைக்குப் புதுசா வர்றவங்க ரெண்டு வருஷம் இருப்பேன்னு கையெழுத்துப் போடணும், தெரியும்ல. அவர் போட்டார்னா செனியாவை விட்டுடலாம். ஒரு தடையும் இல்ல."

பெர்லிட்டா அறையை விட்டு வெளியே வந்தபோது கால் தரையில் பாவவில்லை. தடை இல்லை என்று சொன்னார்களே! ஜோவிட்டுக்கு என்ன, பதவி உயர்வுதானே, ஓடிவந்து பிடித்துக்கொள்வான். செனியாவிடம் அன்றே சொன்னாள். செனியா அவள் கையைப் பிடித்துத் தன் நெற்றியில் ஒற்றிக்கொண்டாள். அங்கே பெரியவர்களிடம் அப்படிச் செய்வார்கள். அலுவலகத்தில் யாரும் செய்து பெர்லிட்டா பார்த்ததில்லை. கூச்சமாக இருந்தது. "போடி, வேலையைப் பாரு" என்று விரட்டினாள்.

மறுநாள் மதியம் ஜோவிட்டைச் சாப்பாட்டுக் கடைக்கு அழைத்துப் போனாள். ஜோவிட் தும்டும் இருபத்தேழு வயதுக்காரன். சிரித்தால் கன்னத்தில் குழி விழும். திருவிழாவில் ஆடுகிற குழுவில் அவனும் ஒருவன், ஆடிப் பழகிய வலியில் காலைத் தேய்த்துத் தேய்த்து நடந்தான். பெர்லிட்டா சொல்லச் சொல்ல அவன் சாப்பிடுவதை நிறுத்திக்கொண்டே வந்தான்.

"மூத்த சரிபார்ப்பாளரா? நானா?"

"நீதான். வேற யாரு?"

"செனியா அக்கா இடத்துல?"

"அவ போகணும்னா நீ வரணும் தம்பி. ரெண்டும் ஒண்ணுதான்."

ஜோவிட் கரண்டியால் சோற்றில் கோடு போட்டான். "மேடம், கோவிச்சுக்க மாட்டீங்கன்னா ஒண்ணு சொல்றேன்."

"சொல்லு."

"எனக்கு வேண்டாம் மேடம்."

"என்னடா வேண்டாம்? சம்பளம் ஏறும். பேர் வரும்."

"ஏறும். ரெண்டு தடவை ஏறும். அப்புறம்?" அவன் குரலில் திமிர் இல்லை, அதுதான் பெர்லிட்டாவுக்குத் தாங்கவில்லை. "அக்காவை நான் நாலு வருஷமாப் பக்கத்துல உக்காந்து பாக்கறேன். என்ன தெரியாது அவங்களுக்கு? வருஷா வருஷம் கேடயம் வாங்கறாங்க, எல்லாரும் கை தட்டறோம். கை தட்டி முடிச்சு அதே நாற்காலில உக்கார்றாங்க. அந்த நாற்காலில உக்காந்தா எழுந்துக்க முடியாது மேடம். அதுவும் கையெழுத்துப் போட்டு உக்காரணுமாம்."

"உனக்கு அப்படி ஆகாது. நான் பாத்துக்கறேன்."

"அக்காவுக்கும் நீங்கதானே மேடம் பாத்துக்கறீங்க?"

அவன் குத்துவதற்காகச் சொல்லவில்லை. சொன்னபிறகுதான் குத்தியதென்று அவனுக்கே தெரிந்தது. "மன்னிச்சுக்கங்க," என்றான். "அப்படிச் சொல்ல வரல. இன்னொண்ணு. எனக்கு வேற கம்பெனியில டீம் லீடரா வேலை கிடைச்சிருக்கு. சின்ன கம்பெனிதான். திருவிழா முடிஞ்சதும் உங்ககிட்ட சொல்லணும்னு இருந்தேன். மார்ச்சுல சேரணும்."

"நீ போனா அவ போக முடியாதுடா."

"தெரியுது மேடம்."

"ஆறு மாசம் மட்டும் தள்ளிப் போடேன். கெஞ்சிக் கேக்கறேன்."

"அவங்க காத்திருக்க மாட்டாங்க." அவன் கண் கலங்கிவிட்டது. "எனக்கு வேலை சொல்லிக் கொடுத்ததே அக்காதான். நான் இப்படிப் பேசறதே பாவம்னு தெரியுது. ஆனா எனக்கும் ஒரே ஒரு கதவு தான் திறந்திருக்கு."

பெர்லிட்டாவுக்கு அவனைத் திட்ட வாய் வரவில்லை. என்னவென்று திட்டுவது? இந்த இடத்தில் தன் மகன் இருந்திருந்தால், போடா கண்ணு, திரும்பிப் பார்க்காதே என்றுதான் அவளே சொல்லியிருப்பாள்.

ருவெலிடம் கேட்டாள், வேறு யாராவது உண்டா என்று. மற்றவர்கள் எல்லோரும் வந்து ஒரு வருடம் ஆகாத பிள்ளைகள். செனியா பழக்கிவிட்ட கெட்டிக்காரர்கள் ஒவ்வொருவராக வெளியே போய் லீடராகிவிட்டார்கள். பழக்கினவள்தான் இங்கே இருக்கிறாள். பெர்லிட்டா சிங்கப்பூருக்கு எழுதினாள், வெளியிலிருந்து ஆள் எடுக்க அனுமதி கேட்டு. புது ஆள் எடுப்பதை ஜூலை வரை நிறுத்தி வைத்திருக்கிறோம் என்று அன்பான பதில் வந்தது. மாதக் கடைசி வந்தது. போர்ட் கிளாங் மேனேஜர் மிகவும் வருத்தப்பட்டுக்கொண்டு, தாய்லாந்திலிருந்து வேறொருவரை எடுத்துக்கொண்டான்.

அப்ரைசல் பேசுகிற நாள். கண்ணாடிக் கதவு போட்ட சின்ன அறை. செனியா வந்து உட்கார்ந்தாள். தலையைச் சீராகப் பின்னியிருந்தாள். பெர்லிட்டா வளைத்துப் பேசத் தெரியாதவள், எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்லிவிட்டாள். முக்கிய இருக்கை, ஜோவிட், சிங்கப்பூர், தாய்லாந்து ஆள். செனியா குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"ஜோவிட் என்ன சொன்னான்?"

"வேண்டாம்னான்."

"ஏன்னு சொன்னானா?"

பெர்லிட்டா தயங்கினாள். செனியா லேசாகச் சிரித்தாள். "விடுங்க மேடம். அவன் சொன்னது சரிதான். அவன் தயங்கியிருந்தா நானே பிடிச்சுத் தள்ளியிருப்பேன்."

"நான் போன வருஷம் அப்படி எழுதியிருக்கக் கூடாதுடி."

"எழுதலன்னா கூரை இல்லை மேடம். அம்மா மழையில படுத்திருப்பா. நானும்தானே சந்தோஷமா வாங்கிக்கிட்டேன்."

"செனியா, நீ வெளிய பாரு. நான் எங்க வேணாலும் வந்து உனக்காகப் பேசறேன். என் ஆளை விடக்கூடாதுன்னு எனக்கு இல்லை. போ."

"பாத்தேன்." அவள் விரல் மேசை விளிம்பில் முன்னும் பின்னும் போயிற்று. "மூணு இடம் போனேன். எல்லாரும் நல்லாத்தான் பேசினாங்க. என் மதிப்பீட்டையெல்லாம் காட்டினேன். பாத்துட்டு எல்லாரும் ஒரே கேள்விதான் கேட்டாங்க. 'இவ்வளவு நல்லா வேலை பாக்கறீங்கன்னா, ஏன் உங்களை இன்னும் லீடர் ஆக்கல?' நான் என்ன மேடம் சொல்றது? இடமில்லைன்னு சொன்னா நம்ப மாட்டேங்கறாங்க. என்கிட்ட ஏதோ கோளாறு இருக்கு, அதைச் சொல்லாம மறைக்கறேன்னு நினைக்கறாங்க. கீழ இடத்துல சேருங்க, அப்புறம் பாக்கலாம்னாங்க. எனக்குக் கீழ இருந்த பசங்ககூட அங்க மேல இருக்காங்க."

முரசுச் சத்தமும் ஓய்ந்துவிட்ட வாரம் அது. குளிர்காற்று இயந்திரம் மட்டும் இரைந்துகொண்டிருந்தது.

"இந்த வருஷம் என்ன மதிப்பு மேடம்?"

"மிகச் சிறப்பு."

"குறைச்சுப் போட முடியாதா?"

"என்னது?"

"நடுவுல ஒண்ணு இருக்கே. 'எதிர்பார்த்தபடி'. அதைப் போடுங்களேன். நான் அப்படியொண்ணும் முக்கியமில்லன்னு அவங்களுக்குத் தோணினா, அடுத்த தடவை எங்கயாவது இடம் வந்தா விட்டுடுவாங்கல்ல?"

"கூட்டத்துல முடிவாயிடுச்சு. இனி யாரும் மாத்த முடியாது." என்றாள் பெர்லிட்டா. "மாத்தினாலும் வேற இடத்துக்குப் போக அதே மிகச் சிறப்பு தான்டி கேப்பாங்க."

செனியா தலையை ஆட்டினாள், தெரிந்ததுதான் என்பதுபோல. பிறகு சொன்னாள்:

"நான் முயற்சி பண்ணிப் பாத்தேன் மேடம்."

"எதை?"

"மோசமா வேலை பாக்க. நவம்பர்ல. ஒரு வாரம் சும்மா எதையாவது விட்டுடணும், நாலு தப்பு வரணும், அப்பதான் இவளும் எல்லாரையும்போலத்தான்னு நினைப்பாங்கன்னு. அந்த இறால் பெட்டி ஞாபகம் இருக்கா? மதியமே பாத்துட்டேன். மைனஸ் இல்லை. பாத்துட்டு, இருக்கட்டும்னு விட்டேன். கையை மடியில வெச்சுக்கிட்டேன். ஜீப்னி ஏறிட்டேன். மபோலோ ஸ்டாப் தாண்டும்போது என்னால மூச்சு விட முடியல. யாரோ ஒரு மீன்காரன் வருஷ உழைப்பு அந்தப் பெட்டிக்குள்ள இருக்கும்னு தோணிடுச்சு. இறங்கி நடந்தே வந்துட்டேன்."

பெர்லிட்டா அவளையே பார்த்தாள். கூட்டத்து அறையில் எல்லோரையும் சிரிக்கவைத்த கதை. செனியாவின் மதிப்பை அரை நிமிடத்தில் வாங்கித் தந்த கதை.

"அதைத்தான் நீங்க கூட்டத்துல சொன்னீங்களாம். ருவெல் அண்ணன் சொன்னாரு. எல்லாரும் ரசிச்சாங்களாம்." செனியா கோபமாகச் சொல்லவில்லை. களைப்பாகச் சொன்னாள். "எனக்கு மோசமாப் பாக்க வரல மேடம். யாராவது கத்துக் குடுத்தாலும் வராது போலிருக்கு. அப்ப நான் என்ன பண்றது?"

ஓய்வு பெற பெர்லிட்டாவுக்கு இன்னும் எட்டு வருடம் இருந்தது. தன் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து போனால் ருவெல் அதில் ஏறுவான், அவன் இடம் இவளுக்கு என்றுகூட ஒரு கணம் நினைத்தாள். வீட்டில் கணவன் வேலையில்லாமல் இருக்கிறான், கடைசிப் பெண் படிக்கிறாள். அந்த நினைப்பு வந்த வழியே போயிற்று. அது போனதை எதிரில் இருந்தவளும் பார்த்தாள். பார்த்துவிட்டு, மேடத்துக்குச் சங்கடம் வேண்டாம் என்று கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள். அந்த மரியாதையைத்தான் பெர்லிட்டாவால் பொறுக்க முடியவில்லை.

"நான் எங்க ஒப்புக்கணும்?" என்றாள் செனியா.

பெர்லிட்டா திரையைத் திருப்பினாள். செனியா கடைசிவரை படித்தாள். ஓரிடத்தில் துறைமுகத்தின் பெயர் தப்பாக இருந்தது, காட்டினாள், பெர்லிட்டா திருத்தினாள். பிறகு செனியா 'ஏற்கிறேன்' என்ற இடத்தை அழுத்தினாள். நிறுவனத்தின் சின்னமும் 'வாழ்த்துகள்' என்ற வரியும் வந்து போயின.

எழுந்து கதவுவரை போனவள் நின்றாள்.

"ஜோவிட் எப்போ கிளம்பறான்?"

"பிப்ரவரி கடைசி."

"வெள்ளிக்கிழமை வெச்சுக்கலாம், எல்லாருக்கும் வசதி. நூடுல்ஸ் ரெண்டு தட்டு, கேக் ஒண்ணு. கேக்குல 'சார்' போட்டு எழுதச் சொல்றேன், லீடராப் போறான்ல. கூச்சப்படுவான் பாருங்க." அந்தப் பிரிவை விட்டுப் போனவர்கள் எல்லோருக்கும் விருந்து ஏற்பாடு செய்தவள் அவள்தான், யாருக்கு எந்தக் கேக் பிடிக்கும் என்பதுகூட அவளுக்குத் தெரியும். "இந்தத் தடவை நீங்களும் கொஞ்சம் பேசுங்க மேடம். எப்பவும் நானே பேசறேன்."

"பேசறேன்," என்றாள் பெர்லிட்டா.

செனியா கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் ஜோவிட்டின் மேசை அருகே நிற்பது தெரிந்தது. அவன் எழுந்து நின்றான், தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டான். அவள் ஏதோ சொன்னாள். அவன் நிமிரவில்லை. அவள் அவன் முதுகில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, பக்கத்தில் தன் இடத்தில் போய் உட்கார்ந்து, திரையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.